பொத்தானுக்குள் அடங்கியவர்

மச்சான் கைபேசியைச் சாப்பாட்டுத் தட்டை ஒட்டி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"படிங்க மாப்ள. உங்க தமிழ்தானே."

கண் மருத்துவமனையின் செயலி திறந்திருந்தது. அடுத்த மாதப் பரிசோதனைக்கான முன்பதிவு. அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். இரண்டிலும் 'மு.ப.' என்று எழுதி மூன்று புள்ளி.

"இதுல எது மாத்துறது, எது ரத்து பண்றது?"

மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். எழுதியவருக்கே தெரியவில்லை.

மச்சானுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாதக்கணக்கில் காத்திருந்து அறுவைக்கு ஒரு தேதி கிடைத்திருந்தது. காலை நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றினால் மகள் கூட வர முடியும் என்று, அதன் கீழும் இருந்த இதே இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தியிருக்கிறார். 'உறுதியா?' என்று கேட்டிருக்கிறது.

"நான் உறுதியாத்தான் இருந்தேன். ஆம்னு அமுக்கினேன்."

தேதி போய்விட்டது. வரவேற்பில் போய்க் கேட்டதற்கு, நீங்களேதான் ரத்து செய்திருக்கிறீர்கள், திரும்ப வரிசையில் சேருங்கள் என்றார்கள். செயலியின் கோளாறு என்று அதைச் செய்த கம்பெனியே சொன்னால் மருத்துவரிடம் பேசி இடையில் நுழைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அந்தக் கம்பெனியில்தான் மாப்பிள்ளைக்கு வேலை. மச்சான் அதற்காகத்தான் வந்திருந்தார்.

அலுவலகத்தில் மாப்பிள்ளைக்குக் கத்தரி என்று பெயர். பட்டப்பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. இளம் வயதில் ஒரு பத்திரிகையில் வரி விளம்பரம் எழுதினார். 'நல்ல நிலையில் உள்ள மரக்கட்டில் விற்பனைக்கு' என்று வந்தவரை 'மரக்கட்டில் விற்க' என்று திருப்பி அனுப்பிவிடுவார். பத்திரிகை படுத்தபின் இங்கே மொழிபெயர்ப்பாளராக வந்தார். சொற்கள் ஓர் அட்டவணையில் வரும், திரையின் படம் வராது. பக்கத்துக் கட்டத்தில் எத்தனை எழுத்து என்று ஓர் எண் இருக்கும். ஆங்கிலச் சொல் எவ்வளவு நீளமோ அதுதான் அந்த எண். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் கணினி தனித்தனி எழுத்தாக எண்ணும் என்பதால் 'கெ' என்பதே இரண்டாகிவிடும். மற்ற மொழிக்காரர்கள் அடங்கவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். இவர் ஒருமுறைகூட அனுப்பியதில்லை. அமைப்புகளை 'அமை.' ஆக்கினார். அறிவிப்புகளை 'அறி.' ஆக்கினார். ஒரு வங்கிச் செயலியில் 'கடந்த காலப் பரிவர்த்தனைகள்' என்பதை 'பழசு' என்று முடித்ததற்கு வாழ்த்து மடல்கூட வந்தது.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி நாள் முழுக்க நடந்ததைச் சொல்வாள். 'சரி' என்பார். "ரெண்டெழுத்துக்கு மேல போனா பொத்தான் கிழிஞ்சிடுமாம்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் காலையிலேயே கூட்டம். கத்தரி மச்சானின் கைபேசியை மேசை நடுவே வைத்தார். மேலாளர், வடிவமைப்பாளர், செயலியை எழுதும் பெண் மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

வடிவமைப்பாளர் முதலில் நிம்மதியானார். தவறு கைபேசிக்காரருடையது என்று கண்டுபிடித்துவிட்டார். அவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். வரைந்த அளவில் வைத்திருந்தால் 'மு.ப. மாற்று', 'மு.ப. ரத்து' இரண்டும் அழகாக அடங்கியிருக்கும். யார் பெரிதாக்கச் சொன்னது என்று கேட்டார்.

"கண் ஆஸ்பத்திரி ஆப் சார் இது" என்றாள் அந்தப் பெண்.

வடிவமைப்பாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தமிழ் ஏன் இவ்வளவு நீளம், இன்னும் கொஞ்சம் சுருக்கலாமே. கத்தரியின் கை தானாகப் பேனாவை எடுத்தது. 'மு.ப. மாற்று' என்பதை 'மு. மாற்.' என்று எழுதி, அதையும் அடித்து, 'மா.' என்று எழுதி, வட்டமிட்டு, தலையை ஆட்டிக்கொண்டார். நிமிர்ந்தபோது அந்தப் பெண் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, போன வருஷமே சொன்னேன். பெட்டியோட அகலத்தையும் உயரத்தையும் பூட்டாதீங்க, எழுத்து வளர்ந்தா பெட்டியும் வளரட்டும்னு. இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? எதுக்கு, நம்ம கத்தரி இருக்காரேன்னாங்க."

அவருக்கு அது பாராட்டாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

அவள் தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். பொத்தான்களில் முழுச் சொற்களைப் போட்டாள். 'முன்பதிவை மாற்று', 'முன்பதிவை ரத்துசெய்'. எழுத்தைப் பெரிதாக்கினாள். வலப்பக்கம் வெட்டுப்பட்டு இரண்டும் 'முன்பதிவை' என்று நின்றன. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. வெட்டு விழுவதும் அங்கேதான். மேலே பக்கம் மாற்றுகிற தாவல்களில் இகரச் சுழியின் தலை போயிருந்தது, உகரத்தின் வால் போயிருந்தது. பிறகு பூட்டிய அளவுகளை எடுத்தாள். உயரத்துக்குக் குறைந்தபட்சம் மட்டும் வைத்தாள். பக்கத்தில் பக்கத்தில் இடம் போதாதபோது ஒன்றின் கீழ் ஒன்றாக விழும்படி செய்தாள். தாவல்களை விரலால் தள்ளிப் பார்க்கும்படி விட்டாள். பொத்தான்கள் இரண்டு வரியாகி, தடித்து, ஒன்றன் கீழ் ஒன்று உட்கார்ந்தன. எல்லாவற்றையும் படிக்க முடிந்தது.

ஒற்றைச் சொல்லுக்கு ஆங்கிலத்தைப்போல் இரண்டு மடங்கு இடம்கூட வேண்டியிருக்கும், நீண்ட வாக்கியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம் என்றாள். மொழிபெயர்ப்பு வருமுன்பே திரைகளில் வேண்டுமென்றே நீட்டிய பொய் எழுத்தை நிரப்பிப் பார்த்தால் எது உடையும் என்று தெரிந்துவிடுமாம். வடிவமைப்பாளர் அழகு போய்விட்டது என்றார். ஆங்கிலத்தில் பார்த்தால் இரட்டைக் கட்டிலில் ஒற்றை ஆள் படுத்த மாதிரி இருக்கிறது என்றார்.

மேலாளருக்கு வேறு கவலை. மருத்துவமனையிடம் செயலியில் கோளாறு என்று சொன்னால் ஒப்பந்தம் என்ன ஆகும். அவர் கத்தரியைப் பார்த்தார். "இந்த 'உறுதியா?' யாருது?"

அதன் மூலத்தில் 'இந்த முன்பதிவை ரத்துசெய்ய விரும்புகிறீர்களா?' என்று முழுக் கேள்வி இருந்தது. அந்தப் பெட்டியில் ஒரு பத்திக்கு இடம் இருந்தது. எண்ணும் யாரும் கொடுக்கவில்லை. அவர்தான் பழக்கத்தில் வெட்டியிருந்தார்.

"என்னுது" என்றார்.

"அப்ப மொழிபெயர்ப்புத் தப்புன்னு சொல்லிடலாமா?"

"சொல்லுங்க. தேதி கிடைக்கணும். ஆனா பெட்டியையும் மாத்தணும். இனிமே என்னால வெட்ட முடியாது."

அவர் அலுவலகத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அது. மேலாளர் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று இரண்டு முறை சொன்னார். பொத்தான்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அந்தப் பெண் மாற்றிய பெட்டிகளோடு புதிய பதிப்பு வெளியானது. அறிவிப்பில் 'மேம்பட்ட அழகிய வடிவமைப்பு' என்று போட்டிருந்தது. வடிவமைப்பாளருக்குக் கைதட்டினார்கள், கத்தரியும் தட்டினார். மருத்துவமனை மச்சானுக்கு வியாழக்கிழமை காலையில் இடம் கொடுத்தது. மத்தியானம் கிடைக்காது என்றார்கள். மகளுக்கு விடுப்பு இல்லாததால் மாப்பிள்ளையே கூடப் போவது என்று முடிவானது. மாலையில் புதிய அட்டவணை ஒன்று வந்தது. ஏதோ பயணச்சீட்டுச் செயலி. எண் எழுதிய கட்டம் இருந்தது. முதல் வரிக்குப் பதினொன்று என்றிருந்தது. அவர் 'இருக்கையைத் தேர்ந்தெடு' என்று எழுதி, பக்கத்தில் 'அடங்காது' என்று குறித்து, அடுத்த வரிக்குப் போனார்.