டயாலிசிஸ் என்று தேடியவர்கள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் வந்த ‘அஞ்சாங்கிளாஸ்’ என்ற பட்டப்பெயர் ரஷீதின் நெஞ்சில் பல வருஷமாக முள்ளாய்க் கிடந்தது. தன் தமிழறிவைக் காட்டும் வீம்பில்தான், ராயபுரத்துச் செய்தித் தளத்தில் பிழை திருத்தும்போது கிரந்த எழுத்தைக் கண்டால் வெட்டிவிடுவார். இலவச டயாலிசிஸ் பதிவு பற்றிய அறிவிப்பையும் ‘குருதித் தூய்மிப்புப் பதிவு’ ஆக்கிவிட்டார்.

பதிவு முடிந்த மறுநாள், மீன் விற்கும் சிலுவையம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள்.

“வூட்டுக்காரருக்காக டயாலிசிஸ்னு என் புள்ள போன்ல உங்க சைட்டுல தேடிகினே இருந்தான், நைனா. ஒண்ணும் வரல.”

தளத்தின் ஆசிரியர் ஜெரினா, வாசகர்கள் தேடிய சொற்களைத் திரையில் காட்டினாள். பெரும்பாலும் டயாலிசிஸ், சிலர் டயாலிஸிஸ். ரஷீதின் சொல்லை ஒருவரும் தேடியிருக்கவில்லை. அவர் தலை நிமிரவில்லை.

படியிறங்கும்போது சிலுவையம்மாள் திரும்பினாள்.

“அடுத்த தபா எங்க பேச்சுலயே போடு, நைனா.”