தங்கியிருப்போர் முதல் பட்டியல்

சேதராப்பட்டில் கண்மருந்துப் புட்டி செய்யும் ஆலை அது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போன சகாயராணி, அறிவிப்புப் பலகையில் தன் பெயரைப் பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் ‘தங்கியிருப்போர் நேர்காணல் – முதல் பட்டியல்’ என்று இருந்தது. பதினெட்டுப் பெயர்களில் முதல் பெயர் அவருடையது. புதன்கிழமை பத்து மணிக்கு வர வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பும் இதே பலகையில் ஒரு ‘முதல் பட்டியல்’ ஒட்டினார்கள். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர்கள் நேராகப் பையை எடுக்கப் போனார்கள்.

“தங்கியிருப்போர்னா இன்னா தெரியுமாடி? போவாம கெடக்குறதுங்கன்னு அர்த்தம்” என்றாள் பக்கத்து மேசை கஸ்தூரி. “அதுலயும் ஒனக்கு மொத சீட்டு.”

சகாயராணி சிரிக்கவில்லை. அவருக்கு மதகடிப்பட்டுக்குப் பக்கத்து ஊர். கணவர் இறந்த வருடம் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். பதினோரு வருடங்களாக வெள்ளை விளக்கின் முன் உட்கார்ந்து புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. மயிரிழை விரிசல், கரும்புள்ளி, கோணல் வாய் எதுவும் அவரைத் தாண்டிப் போகாது. அவர் பார்த்து முடித்த பெட்டியில் பதினேழாம் எண் ஒட்டப்படும். சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் மற்றப் பெட்டிகளில் பத்துக்கு ஒன்றைப் பிரித்துச் சோதிப்பார்கள். பதினேழை அப்படியே லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

அன்று மாலை, நர்சிங் படிக்கும் மகள் சுவேதாவை உட்கார வைத்து ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னார். காரணம் கேட்ட மகளிடம், அவர்கள் போகச் சொல்வதற்குள் நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் மரியாதையோடு வெளியே வரலாம் என்றார். செவ்வாய் காலை, ஷிப்டு தொடங்கும் முன் கடிதத்தை, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை அறைக்குள் இருந்தவர் சுகன்யா. மனிதவளப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம். ஏற்கெனவே போனவர்களிடம் காரணம் கேட்டு என்ன பயன், இருப்பவர்களிடம் இப்போதே கேட்போம் என்று தலைமை அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்கியிருந்தார். ஆங்கிலத்தில் ‘ஸ்டே இன்டர்வியூ’ என்று வந்த தலைப்பைத் தமிழாக்கிப் பலகையில் ஒட்டியதும் அவர்தான்.

இது மதிப்பெண் போடுவதற்கு இல்லை, சம்பள உயர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்வதில் எது முடியும், எது முடியாது என்று இரண்டு வாரத்தில் பதில் தருவேன் என்று விளக்கினார். சகாயராணி கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

“அக்கா, பதினோரு வருஷமா இங்கயே இருக்கீங்களே, ஏன்?”

சகாயராணியின் முகம் சிவந்தது. “போயிடுறேன் மேடம். நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்.”

சுகன்யா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, “போகக் கூடாதுன்னுதான்க்கா கூப்பிட்டேன். உங்கள எது இங்க புடிச்சி வச்சிருக்குன்னு தெரிஞ்சா, அத வுட்டுடாம பாத்துக்கலாமில்ல” என்றார்.

பலகையில் அப்படி எழுதவில்லையே என்று மட்டும் கேட்டார் சகாயராணி. பிறகு, கேட்ட கேள்விக்குத் தாமாகவே பதில் சொன்னார். பதினேழாம் எண் பெட்டியை யாரும் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையை வேறு எங்கேயும் தன்னால் கொண்டுபோக முடியாது. அதனால்தான் இருக்கிறார். சுகன்யா அதை நேர்காணல் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

சுகன்யா டைம் ஆபீஸுக்குப் போன் செய்தார். கடிதம் நேற்றே மேலாளர் மணவாளனிடம் போய்விட்டதாம். பத்து நிமிடத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பிவிட்டாராம். அந்த இடத்துக்கு ஒப்பந்தத்தில் ஓர் ஆள் கேட்டும் எழுதிவிட்டாராம். ஏற்புக் கடிதம் தட்டச்சாகி இருக்கிறது, இன்னும் கைக்குக் கொடுக்கவில்லை.

போனை வைத்த சுகன்யா இதைச் சுற்றி வளைக்காமல் அப்படியே சொன்னார். ஏற்புக் கடிதம் கைக்கு வருவதற்குள் ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், தானே கொண்டுபோய் மேலாளரிடம் பேசுவதாகச் சொல்லி வெள்ளைத்தாளை நீட்டினார்.

சகாயராணி தாளைத் தொடவில்லை. “ஏன் போறேன்னு அவரு யாரையாவது கேட்டாரா மேடம்?”

“இல்லக்கா.”

“என்னக் கூப்புட்டு வுடச் சொன்னாரா?”

சுகன்யா இல்லையென்று தலையை அசைத்தார்.

சகாயராணி தாளை இழுத்து அந்த இரண்டு வரியையும் தம் கையெழுத்திலேயே எழுதினார். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. எழுதி முடித்துக் கொடுத்தார்.

“கேள்விய இப்ப கேளுங்க மேடம்.”

ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று சுகன்யா மறுபடி கேட்டார்.

“வேலை வேணும், அதான் இருக்கேன்” என்றார் சகாயராணி. “மொதல்ல சொன்னத அடிச்சிடுங்க.”

சுகன்யா அதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இரண்டாவது பதிலையும் தேதி, நேரத்தோடு எழுதினார். மீதிப் பதினேழு பேரைக் கூப்பிடும் முன், திரும்பப் பெறும் கடிதத்தையும் அந்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு மணவாளன் அறைக்குப் படியேறினார்.