அப்பா ஊர்க் கடிகாரம்

"என் கடிகாரத்தைக் கேக்காம உலகத்துல எந்த ஊரும் விடியக்கூடாது!" என்று நாலாம் வகுப்பு வாத்தியார் ஒருமுறை பிரகடனம் செய்தார். உறவினர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக ‘அப்பா ஊர்’, ‘சித்தி ஊர்’ என்று எழுதிச் சுவர் நிறையக் கடிகாரங்களை மாட்டியிருந்தார்.

வாயாடி என்று பெயரெடுத்த சிறுமியின் அப்பா ஊர் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். திங்கட்கிழமைதோறும் வேலைக்குக் கிளம்புமுன், அங்கே ஏழு மணிக்கு, வாத்தியாரின் போனில் மகளோடு பேசுவார். இங்கே அது பன்னிரண்டரை, சாப்பாட்டு வேளை.

ஒரு திங்களன்று பதினொன்றரைக்கே போன் அடித்தது. வாத்தியார் சுவரைப் பார்த்தார். அப்பா ஊரில் மணி ஆறு.

"உங்கப்பா தூக்கக் கலக்கத்துல அழுத்திட்டாரு" என்று துண்டித்தார்.

பன்னிரண்டரைக்கு வாயாடி சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறுஞ்செய்திதான் வந்தது: ‘சார், கோடை வருதுன்னு நேத்து இங்க எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளிட்டாங்க. வேலைக்கு வந்துட்டேன். நாளைக்குக் கூப்பிடறேன்.’

"அப்ப எங்கப்பா சரியா ஏழுக்குத்தான் கூப்பிட்டாரா சார்?"

"ஆமா கண்ணு. தப்பு என்னோடது."

ஸ்டூலில் ஏறி முள்ளை நகர்த்தினார். மறுநாள் பதினொன்றரைக்குக் கணக்கைப் பாதியில் நிறுத்தி, போனை அவள் மேசையில் வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளோடு சத்தமில்லாமல் காத்திருந்தார்.