குழாயில் ஏறிய தண்ணீர்

எழுபதுகளில் அடையாற்றங்கரையில் ஒரு கட்டடத்துக்காக, மண் சரியாமலிருக்கச் சுற்றிலும் தடுப்புச் சுவர் இறக்கி, ஆழமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் குழாயில், காலையில் இருந்ததைவிட மதியம் ஒரு சாண் தண்ணீர் ஏறியிருந்தது. மழை இல்லை, பம்புகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இன்னா சார், செவுரு சாயுதா?" என்று மேஸ்திரி பயந்தார்.

ஆட்களை மேலே வரச்சொல்லிவிட்டு, சுவரை ஒட்டிய இன்னொரு குழாயில் சாய்வுமானியை இறக்கி, அடியிலிருந்து உச்சிவரை அளந்தேன். கருவியின் பிழை கழியட்டும் என்று அதைத் திருப்பிப் போட்டும் அளந்தேன். அளவுகளை வரைபடத்தாளில் குறித்தபோது, முந்தைய நாள் கோட்டின் மேலேயே புதிய கோடும் விழுந்தது. சுவர் அசையவில்லை. பிறகு தண்ணீரை எது தூக்கியது?

கழிமுகம்வரை நடந்தேன். ஓதம் ஏறும் நேரம்; கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அது வடிந்தது. சற்றுத் தாமதமாகக் குழாயிலும் மட்டம் இறங்கியது.

"அப்போ கடலு இங்க வரிக்கும் வந்துகினு கீதா சார்?" என்று மேஸ்திரி குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.