சீலா மீன் குழம்புக்கு ஒரு தேங்காய்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த பிறகுதான், சீலா மீன் குழம்புக்குத் தேங்காயும் தக்காளியும் இல்லையென்று மனைவி கண்டுபிடித்தாள். நான் செல்போன் ஆப்பில் ஆர்டர் போட்டேன். அவளுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தெருமுனைக் கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டு அதே சாமான்களைச் சொன்னாள்.

ஆப்காரர் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். தக்காளி விலை கடையைவிடக் குறைவு; டெலிவரிக் கட்டணம் சேர்ந்ததும் கூடிவிட்டது. வேகத்துக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு பெருமையாகத் தேங்காயை உடைத்தேன். உள்ளே அழுகல். படம் எடுத்து அனுப்பினேன். பணம் உடனே திரும்பி வந்தது.

“அந்தப் பணத்தை அரைச்சா குழம்பு வைக்க?” என்று மனைவி சிரித்தாள்.

அண்ணாச்சிக்கு நானே போன் போட்டேன்.

“கடையில கூட்டம் தம்பி. தேங்காயை ஆட்டிப் பாத்து எடுத்து வச்சிட்டேன். இன்னைக்கு என்ன மீனு?”

“சீலா, அண்ணாச்சி.”

“அப்போ மாங்காயும் ஒண்ணு போட்டுவிடுதேன்.”

பை வர வெகுநேரமானது. தேங்காய் வெள்ளைவெளேரென்று இருந்தது. மேலே கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை. தாமதமாகச் சாப்பிட்டாலும் மாங்காய்த் துண்டுக்குப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

இப்போது சோப்பும் பிஸ்கட்டும் நான் ஆப்பில் வாங்குகிறேன். குழம்புச் சாமான் விஷயத்தில் வாயே திறப்பதில்லை.