கோடு தாண்டாத தண்ணீர்

எனக்கு முன்கோபம் அதிகம். கட்டட வேலையில் அது ஒரு தகுதி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி, கடலோடு சேர்ந்த உப்பு ஏரியின் கரையோரம் இருக்கும் அந்த மீனவ ஊரில் பால்வாடி கட்டும் வேலைக்கு என்னை சைட் இன்ஜினியராகப் போட்டபோது, முதல் நாளே மிக்சர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கத்தித்தான் ஆரம்பித்தேன்.

கத்தியதற்குக் காரணம் தண்ணீர். சிமெண்டின் எடைக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதில்தான் கான்கிரீட்டின் பலம் இருக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் இடம் என்பதால் எங்களுக்குக் கொடுத்த விகிதம் 0.45. ஐம்பது கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், அவ்வளவுதான். கலவை கெட்டியாக வரும், தள்ளுவது கஷ்டம். அதனால் எந்த ஊரிலும் மெஷின்காரர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் கூட ஒரு குவளை ஊற்றிவிடுவார்கள். நான் பக்கெட்டில் இருபத்திரண்டரை லிட்டருக்குச் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டேன்.

"இந்தக் கோட்டுக்கு மேல ஒரு சொட்டு போனாலும் மெஷின நிறுத்திட்டுப் போயிடுவேன்" என்றேன்.

"இன்னா மேடம், தண்ணிக்கே தாலி கட்டிட்டீங்க" என்று மேஸ்திரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கோடு போட்ட அன்றைக்கு மணலைச் சோதித்திருந்தேன். ஒரு கிலோ மணலை எடை போட்டு, டீக்கடை அடுப்பில் இரும்புச் சட்டியில் வறுத்து, மறுபடி எடை போட்டால் எவ்வளவு ஈரம் போனது என்று தெரிந்துவிடும். மணல் தானே குடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் அன்று ஈரம் இருந்தது. அதனால் பக்கெட் தண்ணீரில் கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஆனால் இந்தச் சோதனை ஒரு நாளைக்குத்தான் செல்லும். கான்கிரீட் போடும் ஒவ்வொரு காலையும் மறுபடி வறுத்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் படித்த பாடம்தான், மறந்து போகவில்லை.

சித்தாள்களில் ஒருத்தி, ஏரியில் இறங்கிக் கையால் நண்டும் எறாவும் பிடிக்கிற குடும்பத்துப் பெண். ஏரியில் வரும்படி இல்லாத நாட்களில் எங்களிடம் வருவாள். நெற்றியில் தையல் தழும்போடு அவள் சின்ன மகள் கல் குவியல் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். பழைய பால்வாடியில் கூரைக் காரை பெயர்ந்து அதன் தலையில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை. உப்பு மணலில் கட்டினதால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் காரையைத் தள்ளிவிட்டது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னது சரிதான்.

"இந்த மணல்ல உப்பு இல்லியே மேடம்?" என்று ஒரு நாள் கேட்டாள். ஏதோ அவசரத்தில் இருந்தேன். "அதெல்லாம் நாங்க பாத்துப்போம், நீ உன் வேலையப் பாரு" என்றேன். மணல் வெளியூரிலிருந்து வந்தது, உப்பு இல்லை என்று சோதனைத் தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

தூண்களுக்குக் கான்கிரீட் போட்ட அன்று பொன்னேரியில் எனக்கு பஸ் தவறிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பலகை அடித்து எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். உடனே கலவையைக் கொட்ட ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். சட்டியைத் தேடாமல் மேஸ்திரியிடம் கேட்டேன்: "மணல் காஞ்சிருக்கா?"

அவர் குவியலைப் பார்த்தார். "சுக்கா காஞ்சி கெடக்குது மேடம்."

நானும் பார்த்தேன். வெள்ளையாகப் பொரபொரவென்று இருந்தது. சரி என்றேன்.

இரண்டு தூண் முடிந்து மூன்றாவதற்கான கலவையை மெஷினிலிருந்து தகரத்தில் கொட்டியபோதுதான் நான் கிட்டப் போனேன். கலவை நிற்கவில்லை, ரசம் மாதிரி ஓடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மெஷின்காரரை ஊரே கேட்கிற மாதிரி திட்டினேன். அந்த மனுஷனுக்கு என் அப்பா வயசு.

"என் புள்ள மேல சத்தியமா கோடு தாண்டல மேடம். வந்து பாருங்க." பக்கெட்டை என் முன்னால் வைத்தார். தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது.

போய் மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். மேலே நாலு விரல் ஆழம்தான் காய்ந்திருந்தது. அடியில் ஈரம் சில்லென்று இருந்தது. ஏரிக்காற்று மேல் மணலை உலர்த்திவிட்டிருக்கிறது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

அந்தப் பெண் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "நான்தான் மேடம். நேத்து விடியறதுக்கு முன்னாடியே நல்ல தண்ணி எடுத்தாந்து ஊத்துனேன். முப்பது கொடம் இருக்கும். உப்பு இருந்தா போயிடும்னு."

அடுப்பு மூட்டி மணலை வறுத்தேன். ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராமாக நின்றது. மணல் தன்னுள் குடித்துக்கொள்வதைக் கழித்துப் பார்த்தால், மூட்டைக்குப் போடும் எழுபத்தைந்து கிலோ மணலோடு நான்கு லிட்டர் தண்ணீர் கணக்கில்லாமல் உள்ளே போயிருக்கிறது. கோடு தாண்டாமலே இருபத்தாறரை லிட்டர், விகிதம் 0.53. அந்த மிச்சத் தண்ணீர் காய்ந்து போகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுவிட்டுப் போகும். அதன் வழியாக உப்புக்காற்று கம்பியைத் தேடிப் போகும். எந்த உப்புக்குப் பயந்து அவள் முப்பது குடம் சுமந்தாளோ, அதே உப்புக்கு வழி திறந்துவிட்டாயிற்று.

"நாலு லிட்டருதானே மேடம், பூசிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் மேஸ்திரி. முடியாது என்றேன். இறுகுவதற்குள் பலகையைப் பிரித்து இரண்டு தூணையும் வழித்துக் கொட்டிக் கம்பியைக் கழுவினோம். பிறகு மூட்டைக்குப் பதினெட்டரை லிட்டர் தண்ணீர், மணல் எடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டதை ஈடுகட்ட நான்கு கிலோ கூடுதல் மணல் என்று மாற்றிப் போட்டோம். கலவை மறுபடி கெட்டியாக வந்தது. தூண்களை வழித்துக் கொட்டியதில் எனக்கு வெட்கமில்லை.

ஆபீசுக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'தொழிலாளி ஒருவர் அனுமதியின்றி மணலில் நீர் ஊற்றியதால் இரண்டு தூண்கள் அகற்றப்பட்டன' என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அன்று காலை நான் ஈரம் பார்க்கவில்லை என்பது மட்டும் அதில் இல்லை. மழை பெய்து நனைந்திருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கும். எழுதும்போதே தெரிந்தது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நான் கேள்விப்பட்டேன், எதுவும் சொல்லவில்லை.

பால்வாடி திறந்த அன்று போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசல் பக்கத்துத் தூணை உள்ளங்கையால் தடவினாள்.

"இதுதானே மேடம் என்னால இடிச்சது?"

"ஆமா."

"இப்ப நல்லா நிக்குமா? இவள உடலாமா உள்ள?"

"நல்லா நிக்கும். தைரியமா விடு."

சிறுமி கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடியது. அவள் அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தெரியாம செஞ்சிட்டேன் மேடம். அன்னிக்கி உங்களுக்கு எவ்ளோ கெட்ட பேரு வந்திருக்கும். மனசுல வெச்சிக்காதீங்க."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தேன்.

"பரவால்ல, விடு" என்றேன். அவளை மன்னித்துவிட்டு பஸ் ஏறினேன்.