நகம் தொட்ட பத்தி

மொழிபெயர்ப்புக் கடையில் அவளுக்குக் கறார்க்காரி என்று பெயர். சான்றிதழ், மருந்துச் சீட்டு எதுவானாலும் மொழிபெயர்த்துத் தருவாள். பதிப்புரிமை உள்ள புத்தகத்தை மட்டும் முழுசாக மொழிபெயர்க்கமாட்டாள்.

அன்று ஒரு தச்சர் கைபேசியை நீட்டினார். அவருடைய மனைவி, இறப்பதற்கு முன், நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய ஒரு வேற்றுமொழி நாவலைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தாள். அவருக்கு அந்த மொழி தெரியாது.

"முழுசும் தமிழ்ல வேணும்மா. அச்சடிச்சு நினைவுநாளுக்கு வர்றவங்களுக்குக் குடுக்கணும்."

"அதுக்குப் பதிப்பகத்துக்கிட்ட அனுமதி வாங்கணும்ண்ணே. எழுதினவங்க உழைப்பு அது. ஒரு பத்தி பண்ணித் தரேன், புத்தகத்தோட பேரும் ஆசிரியர் பேரும் சேர்த்துப் போடுங்க. மீதிக் கதையை என் வார்த்தையில சுருக்கமாச் சொல்றேன்."

"ஒரு பத்தியை வெச்சு நான் என்னம்மா பண்றது?" என்று அவர் சீறினார்.

அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தின் ஓரத்தில், புத்தகத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்தது. அதன் நகம் ஒரு பத்தியைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் அந்த விரலைத் தொடப் போனார். படம் நகர்ந்து மறைந்துவிட்டது.

"மறுபடி கொண்டாங்கம்மா," என்றார். "அந்தப் பத்தி போதும்."